பாதிப் பொருள்களைத் திருப்பியவருக்குப் பில் தொகையைவிட அதிகப் பணம் போயிருக்கிறது: தள்ளுபடியும் வரியும் பிரிக்கப்படாததால் வந்த வினை

அண்ணாநகர் பில்லிங்

வீட்டு உபயோகப் பொருள்கள் விற்கும் ஒரு கடையின் பில்லிங் மென்பொருளை நான் பராமரித்து வருகிறேன். கடைக்கு அண்ணாநகரிலும் தாம்பரத்திலும் கிளைகள் உள்ளன. இணையத்திலும் விற்பனை உண்டு. மென்பொருளை எழுதியவர்கள் வேறு ஒரு நிறுவனத்தார். அதை எழுதி முடித்து விலகிவிட்டார்கள். பொங்கல் சலுகையாக, வரிக்கு முந்தைய மதிப்பு 10,000 ரூபாயை எட்டினால் பில்லில் 2,000 ரூபாய் தள்ளுபடி என்று கடைக்காரர் அறிவித்திருந்தார்.

ஒரு வாடிக்கையாளர் இணையத்தில் மூன்று உருப்படிகள் வாங்கியிருக்கிறார். மிக்ஸி 5,000 ரூபாய், அதற்கு வரி 18 சதவீதம். எவர்சில்வர் பாத்திரத் தொகுப்பு 3,000 ரூபாய், வரி 5 சதவீதம். டிபன் கேரியர் நான்கு, ஒன்று 500 ரூபாய் வீதம் 2,000 ரூபாய், அதற்கும் 5 சதவீதம். இவை எல்லாம் வரி சேராத விலைகள். தள்ளுபடி போக 8,000 ரூபாய்க்கு வரி 920 சேர்த்து அவர் கட்டியது 8,920 ரூபாய்.

பிறகு அவர் தாம்பரம் கிளைக்கு வந்து மிக்ஸியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். நிரல் 5,900 ரூபாயை அவருடைய கணக்குக்கே திருப்பி அனுப்பியது. அடுத்த வாரம் பாத்திரத் தொகுப்பையும் கொண்டுவந்தார். அதற்கு நிரல் 3,150 ரூபாய் கணக்கிட்டபோது பேமென்ட் கேட்வே மறுத்துவிட்டது. கவுன்டரில் இருந்தவர் இதைக் கேட்வேயின் கோளாறு என்று நினைத்து, அதே தொகைக்கு ஸ்டோர் கிரெடிட் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டார். ஆக, 8,920 கட்டியவருக்கு 9,050 ரூபாய் திரும்பியிருக்கிறது. நான்கு டிபன் கேரியரும் அவர் வீட்டில்தான் இருக்கிறது.

நிரலைத் திறந்து பார்த்தால், தள்ளுபடியும் வரியும் பில்லின் தலைப்பகுதியில் மொத்தத் தொகையாக மட்டுமே சேமிக்கப்பட்டிருக்கின்றன. உருப்படிகளின் பக்கத்தில் அசல் விலையும் எண்ணிக்கையும் மட்டுமே இருக்கின்றன. பணம் திருப்பும் பகுதி அசல் விலையை எடுத்து, அதன்மேல் முழு வரியையும் போட்டுக் கொடுக்கிறது. இதைச் சரிசெய்ய எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

தாம்பரம் நிரலர்

இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை, சார். பில்லில் கட்டிய தொகையிலிருந்து அதுவரை திருப்பிய தொகையைக் கழித்து, மிச்சம் எவ்வளவோ அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடப் போகாதபடி ஓர் உச்சவரம்பு போட்டுவிடுங்கள். கேட்வே செய்ததும் அதுதான். 5,900 போனபின் மிச்சம் 3,020. அதனால்தான் அது 3,150-ஐ ஏற்கவில்லை. ஸ்டோர் கிரெடிட்டுக்கும் அதே சோதனையை வைத்திருந்தால் கடைக்கு இந்த நஷ்டமே வந்திருக்காது.

மயிலைக் கணக்காளர்

உச்சவரம்பு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அது இருக்க வேண்டியதுதான். ஆனால் நஷ்டமே வந்திருக்காது என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. நீங்கள் சொன்ன வரம்பு இருந்திருந்தால் வாடிக்கையாளருக்கு 8,920 ரூபாய் போயிருக்கும். அதாவது கட்டிய பணம் முழுவதும் அவர் கைக்குத் திரும்பி, நான்கு டிபன் கேரியர் இலவசமாக அவரிடம் தங்கியிருக்கும். வரம்பு தடுப்பது கடைசி 130 ரூபாயை மட்டுமே.

உண்மையான இழப்பைப் பார்ப்போம். 10,000 ரூபாய்க்கு 2,000 தள்ளுபடி என்றால், ஒவ்வோர் உருப்படியின் விலையிலும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. மிக்ஸியின் வரிக்குரிய மதிப்பு 4,000, அதற்கு வரி 720, ஆக 4,720. பாத்திரத் தொகுப்பு 2,400, வரி 120, ஆக 2,520. டிபன் கேரியர்கள் 1,600, வரி 80, ஆக 1,680. மூன்றையும் கூட்டினால் 8,920 சரியாக வருகிறது. திருப்பிய இரண்டுக்கும் கொடுத்திருக்க வேண்டியது 7,240 ரூபாய், கொடுத்தது 9,050. அதிகமாகப் போனது 1,810 ரூபாய். அதில் 1,680 டிபன் கேரியரின் விலை, மீதி 130 கடைக்காரர் கையிலிருந்து போட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வாடிக்கையாளர் மிக்ஸியை மட்டும் திருப்பிவிட்டு நின்றிருந்தால், 4,720-க்குப் பதிலாக 5,900 போயிருக்கும்; 1,180 ரூபாய் நஷ்டம். ஆனால் 5,900 என்பது 8,920-க்குள் அடங்கிவிடுவதால் உங்கள் வரம்பும் பேசாது, கேட்வேயும் பேசாது. பெரும்பாலானவர்கள் ஒரே ஒரு பொருளைத்தான் திருப்புவார்கள். எனவே அண்ணாநகர் நண்பர் கண்டுபிடித்தது, தற்செயலாக வெளியே தலைகாட்டிய ஒரு பில்லை மட்டுமே என்பது என் கணிப்பு. சலுகைக் காலத்தில் நடந்த பாதித் திருப்பங்கள் அத்தனையையும் அவர் பார்க்க வேண்டியிருக்கும்.

வேளச்சேரி வாசகி

நான் நிரலரும் இல்லை, கணக்காளரும் இல்லை. இணையத்தில் நிறைய வாங்குபவள். எனக்கும் ஒருமுறை கட்டியதைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. வங்கி அட்டைக்கு உடனடித் தள்ளுபடி 10 சதவீதம் என்று போட்டிருந்தார்கள். பொருளைத் திருப்பியபோது அந்தத் தள்ளுபடித் தொகையும் சேர்ந்து ஸ்டோர் கிரெடிட்டாக வந்தது. இவர் சொல்வதும் அப்படிப்பட்ட வங்கிச் சலுகைதானே? அப்படியானால் கடைக்கு நஷ்டம் ஒன்றும் இல்லையே, வங்கிதானே கொடுக்கிறது?

மயிலைக் கணக்காளர்

இல்லை அம்மா, இது கடை கொடுத்த தள்ளுபடி. வங்கி கொடுக்கும் சலுகையில் பொருளின் விலை குறைவதில்லை. விலையின் ஒரு பகுதியை உங்களுக்காக வங்கி கட்டுகிறது, அவ்வளவுதான். அதனால் வரியும் முழு விலைக்கே போடப்படும். பொருள் திரும்பி வந்தால், நீங்கள் கட்டிய பங்கு உங்களுக்கும் வங்கி கட்டிய பங்கு வங்கிக்கும் போக வேண்டும். உங்கள் வழக்கில் வங்கியின் பங்கும் உங்களுக்கே வந்திருக்கிறது. கடை கொடுக்கும் தள்ளுபடியோ விற்கும்போதே பில்லில் காட்டப்பட்டால், மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி வரிக்குரிய மதிப்பிலிருந்தே நீங்கிவிடும். இரண்டையும் ஒரே புலத்தில் சேமித்து வைக்கும் மென்பொருள்களும் உண்டு. அங்கே இந்தச் சிக்கல் இன்னும் மோசமாக இருக்கும்.

தாம்பரம் நிரலர்

சரி, வரம்பு மட்டும் போதாது என்பது புரிகிறது. அப்படியானால் தலைப்பில் இருக்கும் இரண்டு தொகைகளையும் விலை விகிதத்தில் பிரித்துவிடலாம். மொத்தத்தில் மிக்ஸியின் பங்கு பாதி. எனவே தள்ளுபடி 2,000-இல் பாதியான 1,000, வரி 920-இல் பாதியான 460. மிக்ஸிக்குத் திருப்ப வேண்டியது 4,000 கூட்டல் 460, அதாவது 4,460 ரூபாய். மூன்று உருப்படிகளுக்கும் இப்படிச் செய்தால் கூட்டுத்தொகை 8,920-ஐத் தாண்டவே தாண்டாது. பழைய பில்களுக்கும் இதே சூத்திரம் பொருந்தும். அட்டவணையை மாற்றவும் தேவையில்லை.

மயிலைக் கணக்காளர்

தள்ளுபடியைப் பிரித்தது சரி, வரியைப் பிரித்தது தவறு. தள்ளுபடி முழு பில்லுக்கும் பொதுவானது. அதை விலை விகிதத்தில் பகிர்வதில் நியாயம் இருக்கிறது. வரி அப்படி அல்ல. ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கென்று ஒரு விகிதம் இருக்கிறது. அந்தப் பொருளின் தள்ளுபடி போன மதிப்பின்மேல் அந்த விகிதத்தைப் போட்டால்தான் அதன் வரி கிடைக்கும். 8,000 ரூபாய்க்கு 920 என்பது சராசரியாக 11.5 சதவீதம். நீங்கள் சொல்கிறபடி செய்தால், மிக்ஸிக்கான கிரெடிட் நோட்டில் வரி விகிதம் 11.5 என்று வரும். ஜிஎஸ்டியில் அப்படி ஒரு விகிதமே கிடையாது. தாக்கல் செய்யும்போது அந்தத் தொகையை 18-இல் காட்டுவதா 5-இல் காட்டுவதா என்று உங்கள் கணக்காளர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

பணத்திலும் இது பிசகுகிறது. மிக்ஸி வாங்கியவர் அதற்குக் கட்டியது 4,720; நீங்கள் தருவது 4,460. அவருக்கு 260 ரூபாய் குறைகிறது. மிக்ஸியை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் திருப்பினாலோ அதே 260 ரூபாய் அவருக்கு அதிகமாகப் போகும். மொத்தம் சரியாக வருவதால் உருப்படிகளும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

பழைய பில்களுக்கு ஒரு துப்பு இருக்கிறது. அச்சிட்ட பில்லின் அடியில் வரி விகித வாரியான சுருக்கம் இருக்குமே, அதை எடுத்துப் பாருங்கள். இந்தப் பில்லில் 18 சதவீதத்துக்கு நேராக வரிக்குரிய மதிப்பு 4,000, வரி 720 என்றும், 5 சதவீதத்துக்கு நேராக மதிப்பு 4,000, வரி 200 என்றும் இருக்க வேண்டும். அப்படி இருந்தால், விற்கும்போது நிரல் தள்ளுபடியைச் சரியாகப் பிரித்துத்தான் கணக்கிட்டிருக்கிறது, பிரித்ததைச் சேமிக்காமல் தூக்கி எறிந்துவிட்டது என்று பொருள்.

அண்ணாநகர் பில்லிங்

பார்த்தேன், நீங்கள் சொன்ன எண்களே அச்சில் இருக்கின்றன. விற்பனைப் பகுதி தற்காலிகமாக உருப்படி வாரியாகக் கணக்கிடுகிறது. பில் அச்சானதும் மொத்தத் தொகைகளை மட்டும் சேமித்துவிட்டு மற்றதை விட்டுவிடுகிறது. திருப்பும் பகுதியை வேறு ஒருவர் பிற்பாடு எழுதியிருக்கிறார் என்பது நிரலின் நடையிலேயே தெரிகிறது. அவருக்குக் கிடைத்தது அசல் விலை மட்டும்தான். பொருள் மாஸ்டரிலிருந்து வரி விகிதத்தை எடுத்துப் பெருக்கியிருக்கிறார்.

பாண்டிபஜார் சட்டைக்கடை

பொருள் மாஸ்டரிலிருந்து விகிதத்தை எடுக்கிறது என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் எங்கள் கடையில் அதுவேதான் நடந்தது. துணிக்கடைக்காரர்களுக்கு இதில் கூடுதல் தொல்லை உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், தைத்த ஆடை ஒன்றின் விற்பனை மதிப்பு 2,500 ரூபாய்க்கு மேல் போகாவிட்டால் 5 சதவீதம், மேலே போனால் 18 சதவீதம். எனவே தள்ளுபடியை உருப்படிக்குப் பிரித்தால்தான் எந்த விகிதம் என்பதே முடிவாகும்.

ஒருவர் 2,800 ரூபாய்ச் சட்டை ஒன்றும் 700 ரூபாய் டி-ஷர்ட் ஒன்றும் எடுத்தார். 15 சதவீதம் தள்ளுபடி. சட்டை 2,380-க்கு இறங்கியதால் 5 சதவீதத்துக்குள் வந்துவிட்டது. வரி 119 சேர்த்து 2,499. டி-ஷர்ட் 595, வரியுடன் 624 ரூபாய் 75 பைசா. பில் 3,123 ரூபாய் 75 பைசா. சட்டையை மட்டும் திருப்பினார். மென்பொருள் 2,800 ரூபாய் விலையைப் பார்த்து, இது 2,500-க்கு மேல் என்று 18 சதவீதமும் போட்டு 3,304 ரூபாயைத் திரையில் காட்டியது. ஒரு சட்டைக்கு, இரண்டு உடுப்பும் சேர்ந்த பில்லைவிட அதிகம்! கல்லாவில் இருந்தவர் பழைய ஆள், பில்லைப் பார்த்ததும் பணம் கொடுக்காமல் என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

எங்கள் மென்பொருள்காரர் கொடுத்த தீர்வு, கவுன்டரில் இருப்பவர் திருப்பும் தொகையைக் கையால் மாற்றிக்கொள்ளலாம் என்பது. அதை நான் ஏற்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்தவர் இஷ்டத்துக்குத் தொகையை மாற்ற முடிந்தால் அது வேறொரு ஓட்டைக்கு வழி.

மயிலைக் கணக்காளர்

நல்ல உதாரணம். இதையே காலத்தின் திசையில் திருப்பிப் பார்த்தால் இன்னொன்று தெரியும். அதே 2025 செப்டம்பர் 22-ஆம் தேதிதான் எவர்சில்வர் பாத்திரங்களுக்கும் வரி 12-இலிருந்து 5 ஆகக் குறைந்தது. ஆகஸ்டில் 2,400 ரூபாய்க்கு விற்ற பாத்திரத்துக்கு வாடிக்கையாளர் 12 சதவீத வரியுடன் 2,688 ரூபாய் கட்டியிருப்பார். அவர் அக்டோபரில் திருப்பும்போது மாஸ்டரில் இருக்கும் 5 சதவீதத்தை எடுத்தால் 2,520 என்று வரும். அவருக்கு 168 ரூபாய் குறையும். கிரெடிட் நோட் என்பது பழைய பில்லோடு ஒட்டியது. அந்தப் பில்லில் எந்த விகிதம் போடப்பட்டதோ அதுவேதான் இதிலும் வர வேண்டும். ஆகவே திருப்பும் பகுதி மாஸ்டரைத் தொடவே கூடாது. அண்ணாநகர் நண்பர் செய்ய வேண்டிய முதல் வேலை, விற்கும்போதே ஒவ்வோர் உருப்படிக்கும் அதன் தள்ளுபடிப் பங்கு, வரிக்குரிய மதிப்பு, விகிதம், வரித்தொகை ஆகியவற்றைச் சேமிப்பது. மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சோழிங்கநல்லூர் சோதனையாளர்

நான் இத்தகைய மென்பொருள்களைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். உருப்படி வாரியாகச் சேமித்த பிறகும் ஒரு சின்ன இடறல் மிஞ்சும். ஒரே உருப்படியில் பல எண்ணிக்கை இருந்து, அவை ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்போது அது நிகழும். மூன்று எண்ணிக்கைக்குச் சேர்த்து 2,000 ரூபாய் கட்டியிருக்கிறார் என்று வையுங்கள். ஒன்றின் விலையை வகுத்து முழுமையாக்கினால் 666 ரூபாய் 67 பைசா. மூன்று முறை திருப்பினால் 2,000 ரூபாய் 1 பைசா. ஒரு பைசாதானே என்று தோன்றும். ஆனால் மூன்றாவது திருப்பத்தைக் கேட்வே மறுக்கும், கவுன்டரில் இருப்பவர் மறுபடியும் ஸ்டோர் கிரெடிட் போடுவார்.

எனவே ஒன்றின் விலையை ஒருபோதும் சேமித்துப் பெருக்காதீர்கள். இதுவரை திரும்பிய மொத்த எண்ணிக்கைக்கு எவ்வளவு என்று கணக்கிட்டு, ஏற்கெனவே கொடுத்ததைக் கழியுங்கள். எல்லாம் பைசாவில், முழு எண்ணாக:

```
refund_now = round(line_paid * returned_qty_total / sold_qty)
             - refunded_so_far
```

மேலே சொன்ன எடுத்துக்காட்டில் இது முதலில் 666.67, பிறகு 666.66, கடைசியில் 666.67 கொடுக்கும், கூட்டினால் 2,000 சரியாக வரும். வரிக்குரிய மதிப்புக்கும் வரிக்கும் இதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கிரெடிட் நோட்டில் ஒரு பைசா இங்கும் அங்கும் தாவும். தள்ளுபடியை உருப்படிகளுக்குப் பிரிக்கும்போதும் பைசா மிச்சம் விழும்; அதை ஏதாவது ஓர் உருப்படியின் தலையில் கட்டிவிடலாம், ஆனால் அது விற்கும்போதே ஒரு தடவை முடிவாகிவிட வேண்டும். திருப்பும்போது மறுபடி பிரித்தால் மிச்சம் வேறொரு உருப்படியில் போய் உட்காரும்.

அண்ணாநகர் பில்லிங்

மிக்க நன்றி. புதிய பில்களுக்கு உருப்படி வாரியாகச் சேமிக்கும்படி மாற்றிவிட்டேன். பழைய பில்களுக்கு, தள்ளுபடியை வரிக்கு முந்தைய விலை விகிதத்தில் பிரித்து, பில் அன்று நடப்பில் இருந்த விகிதத்தைப் போட்டு, வரி விகிதச் சுருக்கத்தோடு ஒப்பிட்டு நிரப்பினேன். சுருக்கத்தோடு ஒத்துப்போகாதவற்றை நிரப்பாமல் தனியே வைத்திருக்கிறேன். அதிகமாகப் போன திருப்பங்களைக் கண்டுபிடிக்க இந்த வினவலை எழுதினேன்:

```sql
SELECT r.invoice_no, r.line_no,
       SUM(r.refund_paise) AS refunded,
       l.net_paise + l.tax_paise AS paid
FROM refund_lines r
JOIN invoice_lines l
  ON l.invoice_no = r.invoice_no
 AND l.line_no = r.line_no
GROUP BY r.invoice_no, r.line_no,
         l.net_paise, l.tax_paise
HAVING SUM(r.refund_paise) > l.net_paise + l.tax_paise;
```

மிக்ஸியும் பாத்திரத் தொகுப்பும் இதில் சிக்கிவிட்டன. வேறு பல பில்களும் வருகின்றன.

சோழிங்கநல்லூர் சோதனையாளர்

இதில் நழுவுகிறவையும் இருக்கும். ஒருவர் நான்கு டிபன் கேரியரில் ஒன்றை மட்டும் திருப்பினால், உங்கள் பழைய நிரல் 525 ரூபாய் கொடுத்திருக்கும். கொடுக்க வேண்டியது 420. ஆனால் 525 என்பது அந்த உருப்படிக்குக் கட்டிய 1,680-க்குக் கீழேதான் இருக்கிறது, எனவே வினவல் அதைக் காட்டாது. உச்சவரம்பைப் பற்றி மேலே கணக்காளர் சொன்ன அதே குறை, ஓர் உருப்படிக்குள் சுருங்கி உட்கார்ந்திருக்கிறது. கடைசி வரியை இப்படி மாற்றி, `l.qty`-ஐ `GROUP BY`-இலும் சேருங்கள்:

```sql
HAVING SUM(r.refund_paise) * l.qty >
       (l.net_paise + l.tax_paise) * SUM(r.qty) + l.qty
```

கடைசியில் கூட்டியிருக்கும் `l.qty` பைசா முழுமையாக்கலுக்கு விட்ட இடம். அது இல்லாவிட்டால் சரியான திருப்பங்களும் பட்டியலில் வந்து நிற்கும்.

வேளச்சேரி வாசகி

வங்கிச் சலுகை என்று நான் குழப்பிக்கொண்டது இப்போது தெளிந்தது. ஆனால் வாங்குபவளாக இன்னொரு கேள்வி. சலுகை 10,000 ரூபாய்க்கு வாங்கினால்தான் என்றீர்கள். அவர் கடைசியில் வைத்துக்கொண்டது 2,000 ரூபாய்ச் சரக்கு மட்டுமே. அப்படியானால் டிபன் கேரியருக்கு அவருக்குத் தள்ளுபடியே கிடைத்திருக்கக் கூடாது அல்லவா? நேர்மையாகப் பார்த்தால் கடை 7,240-கூடக் கொடுக்க வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. வாங்குகிறவர்களில் சிலர் சலுகைக்காகவே ஒரு பெரிய பொருளைச் சேர்த்து வாங்கிவிட்டு அதைத் திருப்பிவிடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

பாண்டிபஜார் சட்டைக்கடை

அம்மா சொன்னதை நான் வழிமொழிகிறேன். நிபந்தனை உடைந்தால் தள்ளுபடியும் உடைய வேண்டும். டிபன் கேரியரை முழு விலைக்கு, வரியுடன் 2,100 ரூபாய் என்று எடுத்துக்கொண்டு, 8,920-இல் அதைக் கழித்து 6,820 கொடுத்தால் முடிந்தது.

தாம்பரம் நிரலர்

அது எனக்கு உடன்பாடில்லை. பொருள் பழுதாக இருந்ததால் ஒருவர் மிக்ஸியைத் திருப்பினால், கடையின் தவறுக்கு அவர் ஏன் டிபன் கேரியருக்கு அதிகம் கட்ட வேண்டும்? மனம் மாறித் திருப்பியவரையும் பழுதென்று திருப்பியவரையும் நிரல் எப்படிப் பிரித்தறியும்? கவுன்டரில் இருப்பவர் தேர்வு செய்யும் காரணத்தை நம்பித்தான். மேலும் 6,820 என்ற கணக்கு முதல் திருப்பத்திலேயே குழம்பும். மிக்ஸி திரும்பிய அன்று மிச்சம் இருந்தது 5,000 ரூபாய்ச் சரக்கு. அன்றைக்கே சலுகை உடைந்துவிட்டது, அன்றைக்கே மற்ற இரண்டின் விலையையும் ஏற்ற வேண்டும். மிக்ஸிக்கு 4,720-க்குப் பதில் 3,670 தான் கையில் வரும். அந்த வாடிக்கையாளருக்கு இதை யார் விளக்கிச் சொல்வது?

மயிலைக் கணக்காளர்

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இது நிரலுக்குள் தீர்க்கிற கேள்வி அல்ல, கடைக்காரர் தீர்க்க வேண்டியது. வாங்கும் முன்பே நிபந்தனையில் எழுதி, பில்லிலும் அச்சிட்டிருந்தால் ஒழிய, பிறகு பிடித்தம் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்தப் பொங்கல் சலுகையில் அப்படி எழுதியிருக்கிறார்களா என்று அண்ணாநகர் நண்பர்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் கணக்கு வழியை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சட்டைக்கடைக்காரர் சொன்ன 6,820-ஐ ஒரே கிரெடிட் நோட்டாகப் போட முடியாது. திரும்பி வந்த இரண்டு பொருள்களின் கிரெடிட் நோட் 7,240-க்குத்தான், ஏனென்றால் பில்லில் அவற்றுக்குப் போட்ட மதிப்பும் வரியும் அதுதான். பிடிக்கிற 420 ரூபாய் திரும்பி வராத டிபன் கேரியரின் விலையேற்றம்: மதிப்பில் 400, வரியில் 20. விற்ற பொருளின் மதிப்பு கூடினால் அதற்கு டெபிட் நோட் போட வேண்டும் என்று 34-ஆம் பிரிவு சொல்கிறது. 7,240-இல் 420 போனால் 6,820. தொகை ஒன்றே என்றாலும், மிக்ஸியின் 18 சதவீதத்தில் கைவைக்காமல், 5 சதவீதப் பொருளில் மட்டும் மாற்றம் நிற்கிறது.

அண்ணாநகர் பில்லிங்

சலுகை அறிவிப்பை எடுத்துப் பார்த்தேன். திருப்பினால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தையும் இல்லை. ஆகவே இந்த முறை 7,240 என்ற கணக்கையே வைத்துக்கொள்வது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அடுத்த சலுகையில் நிபந்தனை சேர்க்கலாமா என்பதில் அவரும் அவருடைய சகோதரரும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அந்த வாடிக்கையாளர் ஸ்டோர் கிரெடிட்டை இன்னும் பயன்படுத்தவில்லை; அதை முடக்கிவிட்டு அவரிடம் பேசலாம் என்கிறார்கள். முடக்கினாலும் மிக்ஸிக்கு 5,900 ஏற்கெனவே போய்விட்டதால், 7,240-இல் அவருக்குத் தர வேண்டியது 1,340 மட்டுமே. அதை மறுபடி ஸ்டோர் கிரெடிட்டாகத் தராமல் கேட்வே வழியாகவே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். 3,020 மிச்சம் இருப்பதால் அது ஏற்கும்.

எனக்கு மிஞ்சியிருப்பது ஒன்று. இவ்வளவு நாள் தவறான தொகைக்குக் கிரெடிட் நோட் போட்டு, அவற்றை ஜிஎஸ்டி தாக்கலிலும் சேர்த்திருக்கிறோம். பணம் வசூலாகாவிட்டாலும் அதைச் சரிசெய்தாக வேண்டும் அல்லவா?

மயிலைக் கணக்காளர்

கட்டாயம் சரிசெய்ய வேண்டும்; வாடிக்கையாளரிடமிருந்து பணம் வருகிறதா இல்லையா என்பதோடு இதற்குச் சம்பந்தம் இல்லை. மிக்ஸியின் கிரெடிட் நோட்டில் வரி 900 என்று போட்டிருக்கிறீர்கள், பில்லில் அதற்கு வசூலித்த வரி 720. பாத்திரத்துக்கு 150 போட்டிருக்கிறீர்கள், வசூலித்தது 120. அதாவது இந்த ஒரு பில்லில் மட்டும், வசூலித்த வரியில் 210 ரூபாயை அரசுக்குக் குறைத்துக் கட்டியிருக்கிறீர்கள். அதிகமாகப் போன 1,810 ரூபாயில் மீதி 1,600 கடையின் சொந்த இழப்பு. இந்த 210 அப்படியல்ல.

உங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ஜிஎஸ்டி எண் இல்லாதவர்கள் என்பதால், அவர்களின் விற்பனை ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் 7-ஆம் அட்டவணையில், கிரெடிட் நோட்டுகளைக் கழித்த நிகரத் தொகையாகப் போயிருக்கும். முந்தைய மாதங்களின் அந்தத் தொகைகளை 10-ஆம் அட்டவணையில் திருத்தலாம். குறைந்த வரியை ஜிஎஸ்டிஆர்-3பி-யில் ஆண்டுக்கு 18 சதவீத வட்டியுடன் கட்ட வேண்டும். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் திருத்தம் முடிந்துவிட வேண்டும். அதற்கு முன்பே ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டால் அந்தத் தேதியோடு கதவு மூடிவிடும். எனவே சோதனையாளர் திருத்திக் கொடுத்த வினவலின் பட்டியலை மாத வாரியாகவும் விகித வாரியாகவும் கூட்டி உங்கள் கணக்காளரிடம் கொடுங்கள். வரிக்குரிய மதிப்பும் வரியும் தனித்தனியாக இருக்கட்டும்.

பாண்டிபஜார் சட்டைக்கடை

ஒரு கேள்வி பாக்கி. எங்களிடம் திருப்புவதைவிட அளவு மாற்றி எடுப்பதுதான் அதிகம். 40 அளவைக் கொடுத்துவிட்டு 42 எடுக்கிறார்கள். சலுகை அதற்குள் முடிந்துபோயிருக்கும். பழைய சட்டைக்கு 2,499 வரவு வைத்து, புதிய சட்டையை 2,800-க்கு 18 சதவீதத்தில் பில் போட்டால், அளவு மாற்ற வந்தவரிடம் 805 ரூபாய் கேட்க வேண்டியிருக்கிறது. யாராவது இதை மென்பொருளில் ஒழுங்காகச் செய்திருக்கிறீர்களா?

சோழிங்கநல்லூர் சோதனையாளர்

நான் பார்த்த ஒரு மென்பொருளில், மாற்றி எடுக்கும் உருப்படி பழைய உருப்படியின் எண்ணைச் சுமந்து, அதே பொருளின் வேறு அளவாக இருந்தால் மட்டும் பழைய தள்ளுபடிப் பங்கை அப்படியே பெறும். வேறு பொருளாக இருந்தால் அன்றைய விலைதான். அதில் கிரெடிட் நோட்டும் புதிய பில்லும் இரண்டும் 2,380-க்கே விழும். சட்டை தீர்ந்துபோய் வேறு நிறம் எடுத்தால் அது அதே பொருளா வேறு பொருளா என்பதில் அவர்களுக்கும் கடைக்காரருக்கும் இடையே இழுபறி இருந்தது. அது முடிவதற்குள் நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன்.